மூன்றரை மணி நேரப் படம்: மாலையை எப்படிப் பிரிப்பது, வீட்டில் எங்கே நிறுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை நீளமான படம் ஒன்று ஓடும். அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் வருவார்கள். தியேட்டருக்கும் சில சமயம் சேர்ந்தே போவோம். எந்தப் படமானாலும் கேட்பது ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எடுத்து இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

படம் எவ்வளவு நேரம்னு நம்பகமா எங்க பார்க்கிறது?

டிக்கெட் எடுக்கும் தளத்திலேயே போட்டிருப்பார்கள். அதைவிட உறுதியானது படம் தொடங்கும் முன் திரையில் சில விநாடிகள் வரும் தணிக்கைச் சான்றிதழ். படத்தின் பெயர், மொழி, யு, யுஏ, ஏ என்ற பிரிவோடு நீளமும் அதில் இருக்கும். 166.23 என்று இருந்தால் அது 166 நிமிடம் 23 விநாடி. புள்ளியைப் பார்த்துத் தசம எண் என்று நினைத்துவிட வேண்டாம்.

பழைய படங்களின் சான்றிதழில் நிமிடத்துக்குப் பதில் மீட்டர் கணக்கும் ரீல் எண்ணிக்கையும் இருக்கும். 35 எம்எம் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது ஏறத்தாழ 27.4 மீட்டர் ஓடும். 4,500 மீட்டர் என்று போட்டிருந்தால் 27.4-ஆல் வகுத்துப் பாருங்கள், 164 நிமிடம் வரும். எங்கள் மாமா சான்றிதழ் மறைவதற்குள் இதை மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். நான் போனை எடுப்பதற்குள் டைட்டில் வந்துவிடும்.

சாயங்காலம் ஆறரை ஷோவுக்குப் போனா எத்தனை மணிக்கு வெளிய வருவோம்?

படத்தின் நீளத்தோடு அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். விளம்பரம், டிரெய்லர், புகையிலை எச்சரிக்கை எல்லாம் முடிந்து படம் தொடங்கப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். இடைவேளைக்கு இன்னொரு பத்து, பதினைந்து நிமிடம். 2024 டிசம்பரில் வந்த ‘புஷ்பா 2’ 3 மணி 20 நிமிடம். ஆறரைக் காட்சி என்றால் படம் தொடங்குவது 6:45 வாக்கில். இடைவேளைக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தால் முடிவது 10:20. பார்க்கிங்கிலிருந்து வண்டியை வெளியே எடுக்க இன்னும் கால் மணி நேரம். சென்னை மெட்ரோவில் முனையங்களிலிருந்து கடைசி ரயில் இரவு 11 மணி வாக்கில்தான் என்பதால் அதற்கு நேரம் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு பஸ்ஸும் மாற வேண்டும் என்றால் மேட்னிக்குப் போவதே நல்லது.

படம் ஓடத் தொடங்கியபின் பதிப்பு மாறுவதும் உண்டு. இதே படத்துக்கு 2025 ஜனவரியில் சுமார் 20 நிமிடம் சேர்த்து ஒரு பதிப்பு வந்தது. முதல் வாரம் பார்த்த நண்பர் சொன்ன நேரத்தை வைத்து ஆட்டோ சொல்லிவைத்தால் ஆட்டோக்காரர் வாசலில் நின்று திட்டுவார்.

சாப்பாடு முன்னாடியா, இன்டர்வெல்லயா, படம் முடிஞ்சா?

தியேட்டர் என்றால் முன்னாடி. ஐந்தரை மணிக்குக் கனமான டிபன், இரண்டு தோசை அளவுக்கு. இடைவேளை எட்டரை மணி வாக்கில் வரும், அப்போது ஏதாவது கொறித்தால் போதும். படம் முடிந்து பத்தரைக்கு மேல் ஓட்டல் தேடினால் குழந்தைகள் தோளில் தூங்கியிருப்பார்கள்.

இடைவேளையில் முதலில் கழிப்பறை, அப்புறம்தான் கேன்டீன். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கேன்டீன் வரிசையில் பத்து நிமிடம் நின்று, கையில் பாப்கார்னோடு கழிப்பறை வாசலுக்கு வரும்போது உள்ளே படம் தொடங்கிவிடும். இரண்டு பேர் போயிருந்தால் ஆளுக்கொரு வரிசையில் நின்றுகொள்ளலாம்.

இடைவேளை சரியா பாதியிலதான வரும்?

நம் படங்களில் பாதிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னே பின்னே வரும். நேரத்தைப் பார்த்து அங்கே நிறுத்துவதில்லை. எழுதும்போதே ‘இன்டர்வெல் பிளாக்’ என்று தனியாகப் பேசி வைத்து, ஒரு அடிதடியிலோ, யார் யார் என்று தெரியவரும் இடத்திலோ கதையை ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். நாம் எழுந்து வெளியே போகும்போது அதைப் பற்றியே பேசிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் கணக்கு. இடைவேளை முடிந்த முதல் சில நிமிடங்கள் பெரும்பாலும் லேசாக இருப்பதும் அதனால்தான். இருட்டில் இருக்கை தேடி வருகிறவர்களுக்காகப் பாட்டோ காமெடியோ போட்டு வைத்திருப்பார்கள்.

வெளிநாட்டுப் பழைய பெரும்படங்களில் கணக்கு வேறு. 1962-இல் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் முதல் பகுதி இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல், இரண்டாம் பகுதி அதைவிட மிகவும் சிறியது. பாதியில் நிறுத்திச் சாப்பிடலாம் என்று காத்திருந்தால் பசி வந்துவிடும். 2024-இல் வந்த ‘தி புரூட்டலிஸ்ட்’ இதற்கு நேர்மாறு. நடுவில் 15 நிமிட இடைவேளை படத்தோடேயே சேர்ந்து வருகிறது, திரையில் நேரம் குறைந்துகொண்டே வரும். இரண்டு இடைவேளை விட்ட படங்களும் இந்தியில் உண்டு: 1964-இல் ‘சங்கம்’, 1970-இல் ‘மேரா நாம் ஜோக்கர்’.

இங்கிலீஷ் படத்துல மட்டும் ஏன் பேசிக்கிட்டு இருக்கும்போதே பட்டுனு லைட்டைப் போடறாங்க?

அந்தப் படத்தை எடுத்தவர்கள் இடைவேளைக்கு இடம் வைக்கவில்லை. இங்கே கேன்டீன் ஓட வேண்டும் என்பதால் பாதிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் குறித்து நிறுத்திவிடுகிறார்கள். குறித்தவர் காட்சியைப் பார்த்துக் குறித்தால் நமக்கு அதிர்ஷ்டம். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தால் பாதி வசனத்தில் விளக்கு எரியும்.

இது எல்லா ஊரிலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கமும் இல்லை. 2023-இல் வந்த ‘கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்’ 206 நிமிடம், இடைவேளை கிடையாது. ஐரோப்பாவில் சில தியேட்டர்கள் தாங்களாகவே இடைவேளை விட்டபோது, அப்படிச் செய்யக் கூடாது என்று விநியோகித்தவர்கள் தடுத்தார்கள். எனக்கென்னவோ 206 நிமிடம் எழுந்திருக்காமல் உட்காரச் சொல்வது கொஞ்சம் கொடுமைதான். ஆனால் நிறுத்துகிற இடத்தை எடுத்தவர்களே சொல்லியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

வீட்ல ஓடிடியில பார்க்கிறோம். இடைவேளைனு எழுத்தே வரலை. எங்க நிறுத்தறது?

எழுத்தை வெட்டியிருப்பார்கள், இடம் அப்படியே இருக்கும். மொத்த நேரத்தில் பாதிக்குப் பதினைந்து நிமிடம் முன்பிலிருந்து ஒருவர் மட்டும் கவனமாக இருக்கட்டும். பெரிய சம்பவம் ஒன்று நடக்கும். பின்னணி இசை உச்சத்துக்குப் போகும். ஒரு முகத்திலோ ஒரு பார்வையிலோ காட்சி நின்று திரை இருட்டாகும். அடுத்து வேறு ஊர், விடியற்காலை, சாலையில் ஒரு கார் என்று அமைதியாகத் தொடங்கினால் நீங்கள் இடைவேளையைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். பரவாயில்லை, பத்து விநாடி பின்னால் போய் இருட்டிலேயே நிறுத்துங்கள்.

முன்கூட்டியே கண்டுபிடிக்கிறேன் என்று பட்டையை இழுத்துப் பார்க்காதீர்கள். சின்னச் சின்னப் படங்களாகக் காட்டும்போது செத்துப்போனவர் யார், கல்யாணம் யாருக்கு என்பதெல்லாம் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு மர்மப் படத்தை இப்படித்தான் நானே கெடுத்தேன், ஹாலில் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க. படத்தை ஏற்கெனவே பார்த்தவர் ஒருவர் இருந்தால் ரிமோட்டை அவரிடம் கொடுத்துவிடுவது உத்தமம். டிவிடியில் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு வழி. மிக நீளமான படம் இரண்டு வட்டாக வந்திருந்தால் முதல் வட்டு பல சமயம் இடைவேளையில்தான் முடியும்.

இடைவேளையே இல்லாத படத்துல?

இங்கே விதி தலைகீழ். நம் படத்தில் உச்சத்தில் நிறுத்தச் சொன்னேன், ஏனென்றால் அந்த உச்சத்தையே நிறுத்துவதற்காகக் கட்டியிருக்கிறார்கள். இடைவேளை இல்லாத படத்தில் உச்சம் அடுத்த காட்சிக்குள் இறங்கி ஓடும்படி எடுத்திருப்பார்கள். அங்கே நிறுத்தினால் திரும்ப வரும்போது அந்த வேகம் இருக்காது. அதனால் அடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

அடங்கிவிட்டது என்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. திரை மெல்ல இருட்டாகி மீண்டும் வெளிச்சமாகும். அல்லது ‘மூன்று ஆண்டுகள் கழித்து’ என்று எழுத்து வரும். அல்லது ஒரு வீட்டுக்குள் நடந்த நீண்ட பேச்சு முடிந்து, வெளியே தெருவைத் தூரத்திலிருந்து காட்டுவார்கள். அந்தப் புதிய இடத்தின் முதல் காட்சி வந்தவுடன் நிறுத்துங்கள், உள்ளே யாராவது பேசத் தொடங்கும் முன். பேசத் தொடங்கிவிட்டால் அந்தக் காட்சி முடியும்வரை பொறுங்கள். நான்கைந்து நிமிடத்துக்குள் அடுத்த இடம் வந்துவிடும்.

பாட்டு வரும்போது நிறுத்திட்டு எழுந்து போகலாமே?

பாட்டுக்கு எழுந்து போவது தியேட்டரில் தம் அடிக்கப் போகிறவர்களிடமிருந்து வந்த பழக்கம். வீட்டில் பாட்டு முடிந்ததும் நிறுத்துங்கள். பாட்டின் கடைசி வரியில் கதை ஒரு மாதமோ ஒரு வருடமோ நகர்ந்திருக்கும், அதற்கு அடுத்தது புதிய காட்சி. பாட்டுக்கு முன்னால் நிறுத்தினால் அதற்கு இட்டுச்சென்ற இரண்டு வரிப் பேச்சு மறந்துபோய், திரும்ப வந்ததும் திடீரென்று எல்லோரும் ஆடுவது போல இருக்கும்.

படம் ஆரம்பிச்சு நாலு நிமிஷமா மியூசிக் மட்டும் வருது, திரை கறுப்பு. டிவி போச்சா?

டிவி நன்றாகத்தான் இருக்கிறது. மேலே சொன்ன ‘லாரன்ஸ்’ போன்ற பழைய பெரும்படங்கள் இசையோடு தொடங்கும். தியேட்டரில் ஜனங்கள் வந்து உட்காரும்வரை வாசிப்பதற்காக வைத்தது. இடைவேளைக்குப் பின்னும் அப்படி ஒரு துண்டு இசை வரும், வெளியே நிற்கிறவர்களை உள்ளே கூப்பிடும் மணி மாதிரி. வீட்டிலும் அதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். நான் அந்த இசையைத் தாண்டிப் போவதில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் சமையலறையிலிருந்து எல்லோரும் தானாக வந்துவிடுகிறார்கள்.

ஒரு படத்தை வச்சு முழுசா சொல்லுங்களேன்?

போன மாதம் ‘லகான்’ போட்டோம். 2001-இல் வந்தது, 3 மணி 44 நிமிடம். வந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் எண்பது வயதுப் பாட்டி, ஒருவன் ஒன்பது வயதுப் பையன். பத்து மணிக்குள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். படம் 224 நிமிடம். சாப்பாட்டு இடைவேளை 35 நிமிடம். பின்பாதியில் ஒரு சின்ன நிறுத்தம் 10 நிமிடம். மொத்தம் 269 நிமிடம், அதாவது நான்கரை மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. ஆகவே தொடங்க வேண்டியது ஐந்தரைக்கு. ‘ஐந்தரை’ என்று சொன்னால் ஐந்தே முக்காலுக்குத்தான் வருவார்கள் என்பதால் காபி ஐந்து மணிக்கு என்று செய்தி அனுப்பினேன்.

சாப்பாட்டுக்கு ஏன் 35 நிமிடம்? எட்டுப் பேர், ஒரே பாத்ரூம். ஆளுக்கு இரண்டரை நிமிடம் என்றாலே இருபது நிமிடம். ஒரு பக்கம் அது நடக்கும்போதே மறுபக்கம் தட்டு போட்டால்தான் 35-இல் முடியும். இட்லியும் சாம்பாரும் நாலரை மணிக்கே செய்து ஹாட்பாக்ஸில் வைத்தாயிற்று. இடைவேளையில் அடுப்பு பற்ற வைத்தால் கணக்கு தப்பும். தோசை என்ற பேச்சுக்கே இடமில்லை, ஒருவர் கல்லடியில் நின்றுகொண்டு பாதிப் படத்தை இழப்பார்.

பின்பாதியில் எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்தப் படத்தில் ருசியான விஷயம். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஒரே கிரிக்கெட் மேட்ச் ஓடும். மேட்ச் நடுவில் நிறுத்தினால் பையன் விடமாட்டான், பாட்டியும் விடமாட்டார். ஆனால் அது மூன்று நாள் ஆட்டம், ஒவ்வொரு நாளும் சூரியன் மறையும்போது ஆட்டம் நிற்கும். படத்துக்குள்ளேயே இரண்டு நிறுத்தம் தயாராக இருக்கிறது. முதல் நாள் இரவில் ஒரு பெரிய விவகாரம் வெடிக்கும், அங்கே நிறுத்தக் கூடாது. இரண்டாம் நாள் இரவில் கோயிலில் ஒரு பிரார்த்தனைப் பாட்டு வரும். பாட்டு முடிந்து மூன்றாம் நாள் காலை தொடங்கும் இடத்தில் நிறுத்தினேன். பாட்டி எழுந்து கொஞ்சம் நடந்தார், தண்ணீர் குடித்தார்கள், கடைசி நாள் ஆட்டத்தை ஒரே மூச்சில் பார்த்தோம். முடிந்தது 10:05. ஐந்து நிமிடம் பையன் பந்தைத் திரும்பப் போடச் சொன்னதில் போயிற்று.

வீட்ல சுகர் உள்ளவங்க இருக்காங்க. இடைவேளை வரட்டும்னு சாப்பாட்டைத் தள்ளிப் போடலாமா?

தள்ளக் கூடாது. இன்சுலினோ, சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரை நேரம் எட்டு மணி என்றால், எட்டு மணி நிறுத்தும் நேரமாக வரும்படி படத்தைத் தொடங்குங்கள். லகான் கணக்கைப் போலவே பின்னோக்கிப் போடுவதுதான். நிறுத்தும் இடம் தாமதமாக வரும் ‘லாரன்ஸ்’ மாதிரிப் படமாக இருந்தால் இடைவேளையைப் பார்க்காமல் எட்டு மணியைச் சுற்றி அடங்கும் இடம் ஒன்றில் நிறுத்திவிடுங்கள். படம் ஓட ஓட மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுவதும் தப்பில்லை.

ஒரே நாள்ல முடியலை. ரெண்டு நாளா பார்த்தா கெட்டுப் போகுமா?

கெடாது, பிரிக்கும் இடம் சரியாக இருந்தால். முதல் நாளுக்குப் பெரிய பங்கை வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு பார்த்துவிட்டால் மறுநாள் உட்கார மனம் வரும். முதல் நாள் ஒரு மணி நேரம்தான் பார்த்தீர்கள் என்றால் அந்தப் படம் ‘தொடர்ந்து பார்க்க’ என்ற வரிசையிலேயே ஆறு மாதம் கிடக்கும். லகானை இரண்டு நாளாகப் பார்க்கிறவர்கள் மேட்ச் தொடங்கும் முன் நிறுத்தலாம்.

திரும்பத் தொடங்கும்போது நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்க வேண்டாம். பத்து நிமிட நிறுத்தத்துக்கு அரை நிமிடம் பின்னால் போனால் போதும். மறுநாள் என்றால் ஐந்து நிமிடமாவது பின்னால் போய், அந்தக் காட்சியின் தொடக்கத்திலிருந்து பாருங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பது நினைவுக்கு வர அவ்வளவு ஆகும்.

நிறுத்திட்டு சாப்பிட்டு வந்தா படம் மறுபடி முதல்லேர்ந்து ஓடுது!

டிவி தானாக அணைந்திருக்கும், ஆப் மூடியிருக்கும். வேறு ஒருவருடைய கணக்கில் திறந்திருந்தாலும் இப்படி ஆகும். நிறுத்தும்போது திரையில் தெரியும் நேரத்தை ஒரு தாளில் எழுதி டிவி பக்கத்தில் வையுங்கள், 1:52:10 என்பது போல. கணினியில் VLC-இல் பார்க்கிறவர்கள் `Ctrl+T` அழுத்தி அந்த நேரத்தைத் தட்டினால் நேராக அங்கே போகும், பட்டையை இழுக்க வேண்டியதில்லை.

ஒருத்தர் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நிறுத்தச் சொல்றார். இன்னொருத்தர் தூங்கிட்டார். என்ன பண்றது?

அடிக்கடி நிறுத்தச் சொல்கிறவருக்கு அடுத்த நிறுத்தம் எப்போது என்று தெரியாததுதான் பிரச்சினை. ‘ஏழேகால் வாக்கில் சாப்பாடு, ஒன்பதரை வாக்கில் ஒரு பத்து நிமிடம்’ என்று தொடங்கும் முன்னே சொல்லிவிட்டால் பாதிப் பேர் பொறுத்துக்கொள்கிறார்கள். போன் வந்தால் எழுந்து போகிறவருக்காக நிறுத்துவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பாட்டிக்கு மட்டும் விலக்கு உண்டு.

தூங்கியவரை எழுப்பாதீர்கள், படத்தையும் நிறுத்தாதீர்கள். இடைவேளையில் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். எங்கள் மாமா லகான் மேட்ச் முழுக்கத் தூங்கினார். முடிந்ததும் எழுந்து, “ஜெயிச்சுட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார்.